கூட்டாக எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குக் கட்டுரையாளர் குறிப்பு எழுதுதல்: பணியிடமும் பங்களிப்பும்

சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றிக்கொண்டே முதுகலை படிப்பவர்கள் தம் மேற்பார்வையாளர்களுடன் சேர்ந்து எழுதும் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். இருபது பக்கக் கட்டுரையை முடித்துவிட்டவர்கள் இதழுக்கு அனுப்பும் இரவில், எழுதியவர்கள் யார், எந்த நிறுவனத்தினர், யார் எதைச் செய்தார்கள் என்று சொல்லும் அரைப் பக்கக் குறிப்பில் வந்து தடுக்கி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எழுதத் தெரியாமல் அவர்கள் நிற்பதில்லை. முன்பே பேசி முடித்திருக்க வேண்டியவற்றைப் பேசாமல் விட்டதால்தான் நிற்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் வாக்கிய அமைப்பைவிட வரிசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நம் ஊரில் ‘ஆசிரியர்’ என்றால் பள்ளி ஆசிரியர் என்றே பொருள்படுவதால், குழப்பம் வராமலிருக்கக் ‘கட்டுரையாளர்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வோம். இரண்டு தமிழ்ப்பள்ளிகளின் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் வாய்விட்டு வாசிப்பதைப் பதிவு செய்து, அவர்கள் தடுமாறும் எழுத்துகளை ஆராய்ந்த கட்டுரை அது. எழுதியவர்கள் நால்வர். ‘க’ என்பவர் தமிழ்ப்பள்ளி டீச்சர், முதுகலை மாணவி. ‘ச’ அவருடைய மேற்பார்வையாளரான விரிவுரையாளர். ‘த’ புள்ளியியல் பார்த்தவர்; கட்டுரை அச்சுக்குப் போகுமுன் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். ‘ப’ பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். இனி வரும் ஒவ்வொரு படியையும் இந்த நால்வரை வைத்தே சொல்கிறேன்.

## 1. எழுத உட்காருமுன் திரட்ட வேண்டியவை

முதலில் இதழின் கட்டுரையாளர் நெறிமுறையைத் திறந்து, குறிப்பில் எவற்றைக் கேட்கிறார்கள், அது எந்தக் கோப்பில் இருக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் பாருங்கள். கல்வியியல் இதழ்கள் பலவும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடையைப் பின்பற்றுகின்றன. அந்த நடையின் 7ஆம் பதிப்பில் குறிப்புக்கு நான்கு பத்திகள் உண்டு: ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஓர்சிட் எண்கள், பணியிட மாற்றம், வெளிப்படுத்தல்களும் நன்றியும், தொடர்பு முகவரி. பொருந்தாத பத்தியை விட்டுவிடலாம்.

அடுத்து, ஆய்வு தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் வேண்டும். தேதி எதற்கென்று பலர் கேட்பார்கள். பணியிடத்தை முடிவு செய்வது அந்தத் தேதிகள்தாம்; 4ஆம் படியில் அது தெளிவாகும்.

மூன்றாவதாக, இந்த வேலையில் கை வைத்த எல்லாருடைய பட்டியலும் வேண்டும். பெற்றோரைக் கூட்டித் தந்த தோட்டக் கிராணி, ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றிய சக டீச்சர், மொழி திருத்தியவர், பள்ளிக்குள் நுழைய இசைவு தந்த தலைமையாசிரியர் என்று யாரையும் விடாமல் எழுதுங்கள். இதில் யார் கட்டுரையாளர், யார் நன்றிக்குரியவர் என்பதை இப்போது பிரிக்க வேண்டாம்.

## 2. யார் கட்டுரையாளர் என்பதை முடித்துக்கொள்ளுதல்

பங்களிப்பை எழுதுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். வரிசையை மாற்றினால், ஏற்கெனவே சேர்த்துவிட்ட பெயருக்காக ஒரு பங்களிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியதாகிவிடும்.

மருத்துவ இதழாசிரியர்களின் அனைத்துலகக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைக் கல்வித் துறைக் கட்டுரைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆய்வின் திட்டத்திலோ தரவு திரட்டுவதிலோ பகுப்பாய்விலோ விளக்கத்திலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும்; வரைவை எழுதியிருக்க வேண்டும் அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும்; அச்சுக்குப் போகும் வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும்; கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது தீரும்வரை பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து இருந்தால்தான் கட்டுரையாளர். நிதி பெற்றுத் தருவதும் பொதுவான மேற்பார்வையும் மொழித் திருத்தமும் தனித்தனியே நின்றால் போதா என்று அக்குழுவே சொல்லியிருக்கிறது.

நம் ஊரில் சிக்கல் வருவது இசைவு தந்த தலைமையாசிரியர் விஷயத்தில்தான். “அவர் பெயரைப் போடாவிட்டால் அடுத்த முறை பள்ளிக்குள் விடமாட்டார், சார்” என்று ஒரு டீச்சர் என்னிடம் வருத்தப்பட்டார். இதற்கு நான் சொல்லும் வழி, அவரிடம் வரைவைக் கொடுத்து, “ஐயா, கட்டுரையாளராக வர வேண்டுமானால் படித்துத் திருத்தி, பின்னால் வரும் கேள்விகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும், இல்லையென்றால் நன்றியில் குறிப்பிடுகிறோம்” என்று நேரில் கேட்டுவிடுவது. நான் பார்த்தவரையில் பெரும்பாலோர் நன்றியே போதும் என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

நம் எடுத்துக்காட்டில் ‘ப’ ஓய்வு பெற்றவர் என்பதால் அவரை நன்றிக்குத் தள்ளிவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் வாசிப்புப் பனுவல்களை உருவாக்கியவரும், ஒலிப்பதிவுகளை இரண்டாம் மதிப்பீட்டாளராக இருந்து மதிப்பிட்டவரும், முடிவுரையைத் திருத்தியவரும் அவர்தாம். நான்கு நிபந்தனைகளும் பொருந்துவதால் அவர் கட்டுரையாளர். ஒருவரிடம் பதவி இருக்கிறதா இல்லையா என்பது இந்தக் கணக்கில் வராது.

## 3. பெயரை ஒரே வடிவத்தில் நிறுத்துதல்

மலேசியத் தமிழருக்கென்றே உள்ள தடுக்கல் இது. அடையாள அட்டையில் `Anbarasan a/l Muniandy` என்று இருக்கும் ஒருவர் இதழின் படிவத்தில் அதை அப்படியே தட்டச்சு செய்தால், சில தளங்கள் `A/L Muniandy` என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். சில `L Muniandy` என்று வெட்டிவிடும். அடுத்த கட்டுரையில் அவரே வேறு மாதிரி எழுதினால், தேடுபொறிக்கு அவர் இரண்டு ஆள்.

தந்தை பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியிலும் தம் பெயரை முதற்பெயர்ப் பெட்டியிலும் போட்டு, `a/l`, `a/p` இரண்டையும் விட்டுவிடுவதே எளிது. அப்படிச் செய்தால் மேற்கோளில் ‘முனியாண்டி’ என்று தந்தையின் பெயர்தான் வரும். அதை விரும்பாதவர் தம் பெயரையே குடும்பப் பெயர்ப் பெட்டியில் போடலாம். எதைத் தேர்ந்தாலும் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும்.

ஓர்சிட் எண் உதவுவது இங்கேதான். பதினாறு இடம் கொண்ட அந்த எண்ணைக் கட்டணமின்றிப் பெறலாம். அதன் பதிவில் உங்கள் பெயரின் மற்ற வடிவங்களையும் சேர்த்துவைக்கலாம். குறிப்பில் அதை `https://orcid.org/` என்று தொடங்கும் முழு முகவரியாகக் கொடுங்கள். ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தம் பதிவிலிருந்து நகலெடுத்து அனுப்ப வேண்டும். ஒருவரே நால்வருக்கும் தேடி எடுத்தால், அதே பெயருள்ள வேறொருவரின் எண் வந்து உட்கார்ந்துவிடும்.

## 4. பணியிடத்தை எழுதுதல்

விதி ஒன்றுதான்: ஆய்வு நடந்தபோது எந்த நிறுவனம் ஆதரவு கொடுத்ததோ அதுவே பணியிடம். இன்று சம்பளம் தரும் இடம் எதுவென்று பார்க்கக் கூடாது. வாசகர் இதைப் பார்த்துத்தான் அந்த வேலைக்கு அப்போது எந்த நிறுவனம் பொறுப்பாக இருந்தது என்று அறிகிறார்.

‘த’ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனதும், புதிய இடத்தின் பெயரையே கட்டுரைத் தலைப்பின்கீழ்ப் போட்டுவிட்டார். புதிய பல்கலைக்கழகத்தில் அவரை அப்படி எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் பகுப்பாய்வு முழுவதும் பழைய இடத்தில்தான் நடந்தது. தலைப்பின்கீழ்ப் பழைய இடம், குறிப்பின் இரண்டாம் பத்தியில் “தற்போது இன்ன துறையில் பணியாற்றுகிறார்” என்ற ஒரு வாக்கியம் என்று திருத்தினோம். பணியிடம் மாறாத மற்றவர்களைப் பற்றி அந்தப் பத்தியில் எதுவும் எழுத வேண்டியதில்லை. தலைப்பின்கீழ் உள்ளதையே குறிப்பில் மறுபடி எழுதுவது நான் அடிக்கடி அடிக்கும் வரி.

‘க’வின் நிலை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. அவர் பள்ளியில் டீச்சர், பல்கலைக்கழகத்தில் மாணவி. இரண்டு நிறுவனமும் கணிசமாக ஆதரவு கொடுத்திருந்தால் இரண்டையும் போட ஏபிஏ இடம் தருகிறது, இரண்டுக்குமேல் போவதில்லை. அவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: “இந்த ஆய்வுக்காக உங்கள் பள்ளி நேரமோ பொருளோ ஆளோ கொடுத்ததா?” பதிவுகளைப் பள்ளி விடுமுறையில் எடுத்ததாகவும், கருவியைத் துறையிலிருந்து வாங்கி வந்ததாகவும் சொன்னார். அப்படியானால் பல்கலைக்கழகம் ஒன்றே அவருடைய பணியிடம்.

‘ப’வுக்கு நிறுவனம் இல்லை. அவர் ஓய்வு பெற்ற பள்ளியின் பெயரைப் போட வேண்டும் என்று மற்றவர்கள் மரியாதைக்காகச் சொன்னார்கள். மரியாதை சரி, செய்தி தவறு. அந்தப் பள்ளிக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை. நிறுவனம் இல்லாதவருக்கு ஊர், மாநிலம், நாடு என்ற மூன்றும் போதும்: சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.

துறையின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அந்த நிறுவனம் தானே எழுதும் வடிவத்தில் எழுதுங்கள். பட்டம், பதவி, ‘டத்தோ’, ‘டாக்டர்’ ஆகியவற்றை ஏபிஏ நடையில் பெயரோடு சேர்ப்பதில்லை.

## 5. பணியிடம் எதைக் காட்டிக்கொடுக்கிறது என்று பார்த்தல்

பொதுவான கையேடுகளில் இதற்குத் தனிப் படி இருக்காது. சிறிய ஊரில் ஆய்வு செய்பவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

கட்டுரையின் முறையியல் பகுதியில் “பேராக்கில் உள்ள தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி அ” என்று பெயரை மறைத்துவிட்டு, தலைப்பின்கீழ் ‘க’வின் பள்ளிப் பெயரைப் போட்டால், அந்தப் பள்ளி எது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். நன்றிப் பத்தியில் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக் கிராணிக்கு நன்றி கூறினாலும் அதே கதிதான். ஒரு வகுப்பில் பதினைந்து மாணவர்கள் இருக்கும் பள்ளியில், “மாணவர் 7 ‘ழகர’த்தை ‘ளகர’மாக வாசித்தார்” என்று படிக்கும் உள்ளூர்க்காரர் அது யார் வீட்டுப் பிள்ளை என்று ஊகித்துவிடுவார்.

ஆகவே பணியிடம், நன்றி, முறையியல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊர்க்காரரின் கண்ணால் ஒருமுறை படியுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தில் பள்ளியின் பெயர் வெளிவராது என்று வாக்குக் கொடுத்திருந்தால், குறிப்பில் எந்த வரியும் அந்த வாக்கை உடைக்கக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் ‘க’வின் பள்ளிப் பெயர் ஏற்கெனவே விலகிவிட்டது. கிராணிக்கான நன்றியில் பெயரும் தோட்டமும் இல்லாமல் ‘பெற்றோர் சந்திப்புகளை ஏற்பாடு செய்தவர்’ என்று மட்டும் எழுதினோம். ‘ப’வின் ஊர்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. ஆய்வு நடந்த பள்ளிகள் வேறு வட்டாரத்தில் இருந்ததால் அதை அப்படியே விட்டோம்.

## 6. பங்களிப்பைப் பிரித்து எழுதுதல்

பங்களிப்பைச் சொல்ல இதழ்கள் பலவும் ‘கிரெடிட்’ எனப்படும் வகைப்பாட்டைப் பயன்படுத்துகின்றன. கருத்துருவாக்கம், முறையியல், தரவு திரட்டல், பகுப்பாய்வு, மேற்பார்வை, முதல் வரைவு எழுதுதல் என்று அதில் 14 பணிகள் உண்டு. பதினான்கையும் நிரப்பத் தேவையில்லை. உங்கள் ஆய்வில் நடந்தவற்றை மட்டும் எடுங்கள். நம் கட்டுரையில் மென்பொருள் எழுதப்படவில்லை, ஆகவே அந்தப் பணி இல்லை.

இதைக் குழுவாக உட்கார்ந்து எழுதாதீர்கள். நால்வரும் தனித்தனியே தம் பணிகளையும், தமக்குத் தெரிந்தவரை மற்றவர்களின் பணிகளையும் ஒரு தாளில் எழுதி அனுப்பட்டும், பிறகு ஒப்பிடுங்கள். ஒன்றாக உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் சொல்வதற்கு மாணவி தலையாட்டிவிடுவார். எங்கள் எடுத்துக்காட்டில் ‘கருத்துருவாக்கம்’ என்ற இடத்தில் ‘ச’ தம் பெயரை மட்டும் எழுதியிருந்தார். கேள்வி முதலில் ‘க’வின் வகுப்பறையில் பிறந்தது என்று ‘ப’வின் தாளில் இருந்தது. ‘ச’ அதைப் படித்ததும், “ஆமாம், அது டீச்சருடைய கேள்விதான், நான் அதை ஆய்வாக வடிவமைத்தேன்” என்று ஒப்புக்கொண்டார். ஆகக் கருத்துருவாக்கம் ‘க’வுக்கும் ‘ச’வுக்கும், முறையியல் ‘ச’வுக்கும் ‘ப’வுக்கும் போயின.

புதியவர்கள் குழப்பிக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. மாணவரை உட்காரவைத்து ஒலிப்பதிவு செய்வது தரவு திரட்டல். அந்தக் கோப்புகளுக்குப் பெயரிட்டு, பிழை நீக்கி, பாதுகாத்து வைப்பது தரவுப் பராமரிப்பு. இரண்டும் தனித்தனிப் பணிகள். அதேபோல் முதல் வரைவை எழுதுவதும், வந்த வரைவைத் திருத்துவதும் வேறு வேறு. “எல்லாரும் எழுதினோம்” என்று நால்வரையும் முதல் வரைவில் போடுவது, உட்கார்ந்து எழுதியவருக்குச் செய்யும் அநியாயம்.

இந்த வகைப்பாடு யார் கட்டுரையாளர் என்று முடிவு செய்வதில்லை, பெயர் வரிசையையும் தருவதில்லை. ‘வளங்கள்’ என்ற பணியைக் காட்டி, கருவி கொடுத்தவரைக் கட்டுரையாளராக்க முடியாது. அந்தக் கேள்விக்கு 2ஆம் படியில்தான் விடை.

“அனைவரும் சமமாகப் பங்களித்தனர்” என்ற வாக்கியத்தை உண்மையிலேயே அப்படியானால் மட்டும் எழுதுங்கள். பெரும்பாலும் பேச்சைத் தவிர்க்க எழுதப்படும் வாக்கியம் அது.

முதலெழுத்துகளைச் சுருக்கமாகப் பயன்படுத்துவதாக இருந்தால், இருவருக்கு ஒரே எழுத்து வருகிறதா என்று பாருங்கள். ‘மு.க.’ என்று இருவர் இருந்த ஒரு கட்டுரையில் பகுப்பாய்வைச் செய்தது யார் என்று இதழிலிருந்து கேட்டு எழுதினார்கள்.

## 7. அனுமதி, நிதி, நன்றி

பள்ளியில் ஆய்வு செய்யக் கல்வி அமைச்சு தந்த அனுமதியையும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியையும் இதழ் கேட்கும் இடத்தில் எழுதுங்கள். நிதி கிடைத்திருந்தால் நல்கையின் எண்ணைக் கடிதத்தைப் பார்த்து எழுதுங்கள். கிடைக்காவிட்டால் “நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை” என்று எழுதிவிடுங்கள். முரண்படும் நலன் இல்லை என்றாலும் அதையும் சொல்ல வேண்டும்.

இணைக் கட்டுரையாளரில் ஒருவர் அரசு மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ பணிபுரிபவராக இருந்தால், கட்டுரையை வெளியிட சுகாதாரத் தலைமை இயக்குநரின் அனுமதியைப் பெற்று, அதற்கு நன்றி கூறும் வாக்கியத்தையும் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். அந்த அனுமதி வர நாளாகும் என்பதால் இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

நன்றியில் பெயர் வருபவரிடம் முன்கூட்டியே எழுத்தில் இசைவு வாங்குங்கள். பெயர் வந்தால் அவர் முடிவுகளை ஏற்றுக்கொண்டதாக வாசகர் எண்ண இடமுண்டு.

## 8. குறிப்பை எழுதுதல்

மேலே உள்ளவை முடிந்திருந்தால் எழுதுவது அரைமணி நேர வேலை. நம் கட்டுரையின் குறிப்பு இவ்வாறு அமைந்தது. ஓர்சிட் முகவரிகள் வரும் முதல் பத்தியையும் உண்மைப் பெயர்களையும் இங்கே விட்டிருக்கிறேன்.

> த தற்போது வேறொரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் பணியாற்றுகிறார்.
>
> கருத்துருவாக்கம்: க, ச. முறையியல்: ச, ப. தரவு திரட்டல், தரவுப் பராமரிப்பு: க. பகுப்பாய்வு: த. சரிபார்ப்பு: ப. மேற்பார்வை: ச. முதல் வரைவு: க. மீள்பார்வையும் திருத்தமும்: ச, த, ப. இக்கட்டுரை க-வின் முதுகலை ஆய்வேட்டின் ஒரு பகுதியை அடிப்படையாகக் கொண்டது. நிதியுதவி எதுவும் பெறப்படவில்லை. முரண்படும் நலன் எதுவும் இல்லை. பெற்றோர் சந்திப்புகளை ஏற்பாடு செய்தவருக்கும் ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றியவருக்கும் நன்றி.
>
> இக்கட்டுரை தொடர்பான மடல்களை க-வுக்கு அனுப்புக. மின்னஞ்சல்: …

ஆய்வேட்டிலிருந்து வந்த கட்டுரை என்பதைச் சொல்லும் வாக்கியத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஆய்வேடு ஏறிய பிறகு, ஒப்புமை சோதிக்கும் மென்பொருள் கட்டுரையின் பாதியைச் சிவப்பாகக் காட்டும்போது இந்த ஒரு வாக்கியம்தான் கைகொடுக்கும்.

மின்னஞ்சலில் மாணவர் முகவரியைப் போடாதீர்கள். என்னுடைய முதல் கூட்டுக் கட்டுரையில் நான் அப்படித்தான் போட்டேன். பட்டம் பெற்ற பிறகு அந்த முகவரி மூடப்பட்டது. அட்டவணையில் ஒரு எண்ணைப் பற்றி வாசகர் ஒருவர் இருமுறை எழுதியது எனக்கு வந்து சேரவேயில்லை, இணைக் கட்டுரையாளரைத் தேடிப்பிடித்து அவர் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பத்து ஆண்டுக்குப் பிறகும் திறக்கக்கூடிய முகவரியைக் கொடுங்கள்.

## 9. ஒப்புதல் பெற்று, சரியான கோப்பில் வைத்தல்

எழுதிய குறிப்பை நால்வருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொருவரும் “படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்” என்று பதில் எழுதக் கேளுங்கள். புலனக் குழுவில் வரும் கட்டைவிரல் குறி போதாது. குழுவை விட்டு ஒருவர் விலகினால், கைப்பேசி மாறினால், அது போய்விடும். சமர்ப்பித்த பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமானால், காரணத்தையும் எல்லாருடைய கையெழுத்திட்ட இசைவையும் இதழ் கேட்கும். அப்போது இந்தப் பழைய மடல்கள் தேவைப்படும்.

பெயர் மறைத்து மதிப்பிடும் இதழாக இருந்தால் குறிப்பு தலைப்புப் பக்கக் கோப்பில் மட்டும் இருக்க வேண்டும். கட்டுரைக் கோப்பில் அது தங்கிவிட்டால் மதிப்பீட்டுக்கே போகாமல் திரும்பி வரும். கோப்பின் பண்புகளில் கணினி தானாகவே பதிந்துவைத்த பெயரையும் அழியுங்கள். ‘க’வின் கோப்பில் அங்கே அவருடைய பள்ளியின் பெயர் இருந்தது.